ஏஎன்பி கோணமா, விட்ஸ் அளவா?

பல்லுக்குக் கம்பி போடுவதற்கு முன் எடுக்கும் பக்கவாட்டு எக்ஸ்ரேயில், மேல்தாடையும் கீழ்தாடையும் ஒன்றுக்கொன்று எப்படி நிற்கின்றன என்று பார்க்க இரண்டு அளவுகள் அதிகம் புழங்குகின்றன. இரண்டும் ஒரே விடையைத் தந்தால் சிக்கல் இல்லை. முரண்படும்போதுதான் எதை நம்புவது என்ற கேள்வி வரும்.

முதலாவது ஏஎன்பி கோணம். ட்ரேசிங் தாளில், மண்டையோட்டின் அடியில் பிட்யூட்டரி சுரப்பி அமர்ந்திருக்கும் செல்லா குழியின் நடுவை எஸ் என்றும், நெற்றி எலும்பும் மூக்கெலும்பும் சேருமிடத்தின் முன்முனையை என் என்றும் குறிப்போம். மேல்தாடை முன்பக்க வளைவின் மிக ஆழமான புள்ளி ஏ, கீழ்தாடையில் அதேபோன்றது பி. என் புள்ளியில் எஸ், ஏ கோடுகளுக்கு இடையேயான கோணம் எஸ்என்ஏ, எஸ், பி கோடுகளுக்கு இடையேயானது எஸ்என்பி. எஸ்என்ஏ சராசரி 82 டிகிரி, எஸ்என்பி 80. வித்தியாசமான 2தான் ஏஎன்பி. எந்தத் தாடை இடம் மாறியிருக்கிறது என்பதையும் இந்தக் கோணங்கள் சொல்லிவிடும். கன்னத்தின் நிழல் விழுவதால் ஏ புள்ளி சில படங்களில் மங்கலாக இருக்கும். அங்கே அவசரப்படக் கூடாது.

இரண்டாவதான விட்ஸ் அளவை பல்சீரமைப்பு மருத்துவர் ஜேக்கப்சன் 1975-இல் விளக்கினார். விட்ஸ் என்பது ஜோகன்னஸ்பர்க்கின் விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தின் சுருக்கப் பெயர். கடைவாய்ப் பற்கள் கடிக்கும் கோட்டை வரைந்து, ஏ, பி இரண்டிலிருந்தும் அதற்குச் செங்குத்துக் கோடுகள் இறக்கி, இடைவெளியை மில்லிமீட்டரில் அளப்போம். பெண்களுக்குச் சராசரி 0. ஆண்களுக்கு பி சுமார் 1 மில்லிமீட்டர் முன்னால் இருக்கும்.

14 வயதுப் பெண் ஒருத்தியின் படத்தில் எஸ்என்ஏ 80, எஸ்என்பி 74 என்று வைத்துக்கொள்வோம். ஏஎன்பி 6 வருகிறது. கீழ்தாடை பின்தங்கியிருக்கிறது, அதை முன்னே கொண்டுவரும் ட்வின் பிளாக் கருவியைப் போடலாம் என்று தோன்றும். ஆனால் விட்ஸ் 0 காட்டுகிறது. காரணம் கடிகோட்டிலேயே தெரியும்: எஸ்என் கோட்டுடன் வழக்கமாக 14 டிகிரி சாய்ந்திருக்க வேண்டியது இங்கே 24. இரு தாடைகளும் சேர்ந்து கீழ்நோக்கிப் பின்னால் சுழன்றிருப்பதால் பி பின்னால் போய் ஏஎன்பியைப் பெருக்கிவிட்டது. வாயில் கடைவாய்ப் பற்களும் சரியாகப் பொருந்தியிருந்தால், நான் விட்ஸின் பக்கமே நிற்பேன். இவளுக்குக் கவனிக்க வேண்டியது முகத்தின் உயரம். தாடையை முன்னே இழுப்பது அல்ல.

அதற்காக விட்ஸை எப்போதும் மேலே வைக்க முடியாது. ஏ, பி இடையே உயரம் 40 மில்லிமீட்டர் என்றால், கடிகோட்டை 5 டிகிரி தவறாக வரைந்தாலே விட்ஸ் சுமார் 3.5 மில்லிமீட்டர் மாறிவிடும். பால்பற்கள் விழுந்துகொண்டிருக்கும் வயதிலும், மேல், கீழ்ப் பற்கள் ஒன்றையொன்று தொடாத திறந்த கடியிலும் அந்தக் கோட்டை உறுதியாக வரைவது கடினம். எக்ஸ்ரேயின் உருப்பெருக்கம் கோணத்தைப் பாதிக்காது, மில்லிமீட்டரைப் பாதிக்கும். படத்திலுள்ள அளவுகோலோடு ஒப்பிட்டே கணக்கிட வேண்டும்.

சிகிச்சைக்கு முன்னும் பின்னும் ஒப்பிட எனக்கு ஏஎன்பிதான் முதல் தேர்வு. கம்பி பற்களை நகர்த்தும்போது கடிகோடே சாய்வு மாறிவிடுவதால், தாடை அசையாமலே விட்ஸ் மாறியதாகக் காட்டும்.