நூறு கணக்கா, இருபது கணக்கா: விடையை எப்போது திறக்கலாம்?

பி.எஸ்சி. கணிதம் படித்துக்கொண்டே ஐஐடி ஜாம் தேர்வுக்குத் தயாராகிறவர்கள் எல்லாரும் இரண்டு கேள்விகள் கேட்பார்கள். ஒரு நாளைக்கு எத்தனை கணக்கு போடவேண்டும்? வரவில்லை என்றால் எவ்வளவு நேரம் கழித்து விடையைப் பார்க்கலாம்? கேட்க இரண்டாக இருந்தாலும் கேள்வி ஒன்றுதான். கல்லூரி போக மிஞ்சுவது மூன்று மணி நேரம் என்றால், ஒரு கணக்குக்கு எவ்வளவு நேரம் கொடுக்கிறோமோ அதுவே எத்தனை கணக்கு என்பதைத் தீர்மானித்துவிடும். ஜாமுக்குப் படித்த காலத்தில் நானும் இதில் ஒரு பக்கம் சேர வேண்டியிருந்தது. அதனால் பொதுவாகப் பேசாமல், மெய்ப்பகுப்பாய்வில் வரும் தொடர்கள் என்ற ஒரே பாடத்தை வைத்துச் சொல்கிறேன்.

முதல் வழி, நிறையப் போடுவது. கேள்வித் தொகுப்பை எடுத்து ஒவ்வொரு கணக்குக்கும் ஐந்து நிமிடம் கொடுக்க வேண்டும். வரவில்லையா, விடையைத் திறந்து படித்து, புரிந்ததும் டிக் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போகலாம். இரண்டாவது வழி, கொஞ்சமாகப் போடுவது. எடுத்த கணக்கை முடிக்காமல் விடையைத் தொடக்கூடாது. ஒரு மாலை முழுக்கப் போனாலும் போகட்டும். முதல் வழியில் பாடத்திட்டம் சீக்கிரம் முடியும், எல்லா மாடல் கேள்வியும் கண்ணில் படும். இரண்டாவதில் பொறுமை வளரும், ஆனால் பாடம் நகராது. இதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். நான் இரண்டாவது வழியில்தான் போனேன், ஆனால் அதை அப்படியே பின்பற்றவில்லை. விடையைத் திறக்கலாம், ஒரு வரி மட்டும். இந்தத் திருத்தம் இல்லாத இரண்டாவது வழியை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

காரணம் ஒன்றுதான்: விடை பார்த்த கணக்கில் ஒரு வாரம் கழித்து கையில் என்ன மிஞ்சுகிறது என்பது. போட்ட எண்ணிக்கை, பட்ட கஷ்டம் எல்லாம் இதற்கு அப்புறம்தான். ஒரு கணக்கை முழுதாகப் பார்த்தால் நான் சொல்வது தெளிவாகும்.

Σ (n^(1/n) − 1) என்ற தொடர் ஒருங்குமா, விரியுமா?

இதைப் பார்த்ததும் பலருடைய கை ரூட் டெஸ்டுக்குப் போகும். ஏனென்றால் இதைப் போலவே இருக்கும் Σ (n^(1/n) − 1)^n எல்லாத் தொகுப்பிலும் வரும்; அங்கே n-ஆம் மூலம் எடுத்தால் n^(1/n) − 1, அது பூஜ்யத்துக்குப் போகிறது, தொடர் ஒருங்குகிறது, இரண்டு வரியில் வேலை முடிந்தது. இங்கே வெளியே அந்த அடுக்கு இல்லை. ரூட் டெஸ்ட் 1 தருகிறது, அதாவது ஒன்றும் சொல்லவில்லை. ரேஷியோ டெஸ்டும் 1 தருகிறது. உறுப்பு பூஜ்யத்துக்குப் போகிறது, அதனாலும் முடிவு கிடைக்காது. ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்றால் எதோடு ஒப்பிடுவது? பதினைந்து நிமிடத்தில் பெரும்பாலானவர்கள் இந்த இடத்தில்தான் நிற்பார்கள்.

முதல் வழிக்காரர் அதற்கு முன்பே, ஐந்தாவது நிமிடத்திலேயே விடையைத் திறந்திருப்பார். n^(1/n) = e^((ln n)/n) என்று எழுது; e^x ≥ 1 + x என்பதால் ஒவ்வொரு உறுப்பும் (ln n)/n-க்குக் குறையாது; n ≥ 3 எனில் அது 1/n-ஐ விடப் பெரியது; ஆகவே தொடர் விரிகிறது. நான்கே வரி. படித்தால் எல்லாமே புரியும், சந்தேகம் எதுவும் வராது. டிக் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார்.

நான் செய்தது வேறு. விடையின் மேல் ஒரு தாளை வைத்து, முதல் வரி தெரியும்வரை மட்டும் இறக்குவேன். n^(1/n) = e^((ln n)/n). அவ்வளவுதான், புத்தகத்தை மூடிவிடுவேன். மீதி மூன்று வரி என்னுடையது. (ln n)/n பூஜ்யத்துக்குப் போகிறது, பூஜ்யத்துக்குப் பக்கத்தில் e^x − 1 ஏறக்குறைய x, எனவே உறுப்பு ஏறக்குறைய (ln n)/n என்று நாமே வந்து சேர்வோம். இப்படி வருகிறவருக்கு e^x ≥ 1 + x எங்கிருந்து வந்தது என்று தெரியும். படித்தவருக்கு அது விடையில் இருந்த ஒரு வரி, அவ்வளவுதான்.

வித்தியாசம் அன்றைக்குத் தெரியாது. ஒரு வாரம் கழித்து அதே கணக்கைக் கொஞ்சம் மாற்றிப் போடும்போது தெரியும். Σ (n^(1/n) − 1)^2 என்ன ஆகும்? நான்கு வரியையும் மனப்பாடமாக வைத்திருப்பவர் e^x ≥ 1 + x-ஐ எடுத்து, உறுப்பு ((ln n)/n)^2-க்குக் குறையாது என்று எழுதி நின்றுவிடுவார். Σ ((ln n)/n)^2 ஒருங்குகிறது; ஒருங்கும் தொடரை விடப் பெரியது என்று காட்டினால் எந்த முடிவும் வராது. இங்கே வேண்டியது மேல் எல்லை. x, 0 முதல் 1 வரை இருக்கும்போது e^x − 1 ≤ 2x. (ln n)/n எப்போதும் 1-க்குக் கீழேதான். ஆகவே உறுப்பு 4((ln n)/n)^2-ஐத் தாண்டாது, தொடர் ஒருங்குகிறது. ‘உறுப்பு ஏறக்குறைய (ln n)/n’ என்பதைத் தானே கண்டுபிடித்தவருக்கு இது புதுக் கணக்கே இல்லை. அடுக்கு இரண்டானதும் விடை ஒருங்குதல் பக்கம் சாய்வது அவருக்கு எழுதும் முன்பே தெரியும்.

அதனால் என் நோட்டில் விடை பார்த்த கணக்குகளுக்கென்று கடைசியில் தனிப் பக்கம் இருந்தது. ஒரு வரி பார்த்தது, முழுதாகப் பார்த்தது இரண்டுமே அங்கே போகும். ஒரு வாரம் கழித்து விடையில்லாமல் வெறும் தாளில் போடுவேன், வந்தால் ஒரு இடத்தை மாற்றிப் போடுவேன். இரண்டும் வந்தால்தான் அந்தப் பக்கத்திலிருந்து அடிப்பது. நிறையப் போடும் வழியில் சிக்கல் இங்கேதான். தினமும் நாற்பது கணக்கில் பதினைந்துக்கு விடை பார்த்தால் அந்தப் பக்கம் கடன் வட்டி மாதிரி ஏறிக்கொண்டே போகும். திரும்பிப் போட நேரமே கிடைக்காது. எனவே ஒரு நாளைக்கு எத்தனை என்பதை நான் பின்னாலிருந்து முடிவு செய்தேன்: அடுத்த வாரம் எத்தனை கணக்கைத் திரும்பப் போட நேரம் இருக்குமோ, அத்தனைக்குத்தான் இந்த வாரம் விடை பார்க்கலாம்.

சரி, எப்போது திறப்பது? கடிகாரத்தை வைத்து முடிவு செய்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. நோட்டின் ஓரத்தில், முயன்றதை ஒவ்வொரு வரியாக எழுதி வைப்பேன்: ‘ரூட் டெஸ்ட், 1’, ‘ரேஷியோ, 1’, ‘1/n-ஓடு ஒப்பிட முடியுமா?’. பட்டியல் நீளும்வரை திறக்கத் தேவையில்லை, அரை மணி நேரம் ஆனாலும் சரி. பத்து நிமிடமாகப் புது வரி ஒன்றும் விழவில்லை, பழையதையே சுற்றிச் சுற்றி வருகிறோம் என்றால் திறந்துவிடலாம். அதற்கு மேல் உட்கார்ந்திருப்பது உழைப்பு போலத் தோன்றும். தாளில் எதுவும் சேராது. இந்தப் பட்டியலுக்கு இன்னொரு பலன் உண்டு. விடையின் முதல் வரியைப் பார்த்ததும், நம் பட்டியலில் எது விடுபட்டது என்று நேராகத் தெரியும். மேலே சொன்ன கணக்கில் விடுபட்டது ஒரு டெஸ்ட் அல்ல. உறுப்பை வேறு உருவத்தில் எழுதிப் பார்ப்பது. அது அடுத்த பத்துக் கணக்குக்கு உதவும்.

இதில் இரண்டு விலக்கு உண்டு. வரையறையோ தேற்றமோ மறந்துபோய் நின்றால் ஒரு நிமிடம்கூடக் காத்திருக்க வேண்டாம். சீரான ஒருங்கல் என்றால் என்ன என்று தெரியாமல் அது பற்றிய கணக்கில் முட்டிக்கொண்டிருப்பதில் பயனில்லை. பாடப்புத்தகத்தைத் திறக்கலாம், அப்போதும் விடையை அல்ல. இன்னொன்று, வழி சரியாக இருந்து விடை மட்டும் பொருந்தாமல் போவது. அங்கே கணக்குப் பிழைதான் இருக்கும். விடையைப் பார்த்தால் பிழை எந்த இடத்தில் என்று தெரிந்துவிடும், ஆனால் தேடிப் பிடிக்கும் பழக்கம் வராது. n = 1, 2 போட்டு வரிக்கு வரி சரிபார்த்தாலே பெரும்பாலும் மாட்டிவிடும்.

ஒரு தலைப்பில் எத்தனை போட்டால் நிறுத்தலாம்? தொடக்கத்தில் ஐந்தாறு கணக்கை விடையோடு படிப்பதில் தப்பே இல்லை. 1985-இல் ஸ்வெல்லரும் கூப்பரும் இயற்கணிதத்தில் நடத்திய சோதனைகளில், போட்டுக் காட்டிய கணக்குகளைப் படித்த மாணவர்கள், எல்லாவற்றையும் தாமே போட்டவர்களை விடக் குறைந்த நேரத்தில் கற்றார்கள். பிறகு வந்த அதே மாதிரிக் கணக்குகளையும் நன்றாகப் போட்டார்கள். பாடமே புதிது என்னும்போது முட்டி மோதுவது வீண். அதற்கு அப்புறம்தான் தனியாகப் போடுவது, அதையும் கலந்து போட வேண்டும். ஒப்பீட்டுச் சோதனைக் கணக்குகளை மட்டும் வரிசையாக இருபது போட்டால், எந்தச் சோதனை என்று யோசிக்கும் வேலையைத் தலைப்பே செய்துவிடுகிறது. ரோரரும் டெய்லரும் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், கன அளவுக் கணக்குகளை ஒரு வகையை முடித்து அடுத்த வகை என்று போட்டவர்கள் பயிற்சியில் 89 சதவீதம் சரியாகச் செய்தார்கள், கலந்து போட்டவர்கள் 60 சதவீதம்தான். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில் வகை பிரித்துப் போட்டவர்கள் 20 சதவீதத்துக்கு இறங்கினார்கள், கலந்து போட்டவர்கள் 63 சதவீதத்தில் நின்றார்கள். அதனால் என் அளவுகோல் எண்ணிக்கை அல்ல. கலந்து வைத்த கேள்விகளில் அடுத்தடுத்து வரும் நான்கைந்துக்கு, பேனாவை எடுக்காமலே முதல் வரி என்ன, ஏன் அது என்று சொல்ல முடிந்தால் அந்தத் தலைப்பை விட்டுவிடலாம். தொடர்களில் இது இருபது முப்பது கணக்கிலேயே வந்துவிடும்.

முதல் வழி ஜெயிக்கும் இடமும் உண்டு. ஜாம் தாளில் 180 நிமிடத்தில் 60 கேள்விகள், ஒன்றுக்குச் சராசரியாக மூன்று நிமிடம். முதல் பகுதியில் தவறான விடைக்கு மதிப்பெண் குறையும். எதை விட்டுவிட்டு நகர்வது என்ற முடிவு நேரம் வைத்துப் பல தாள்கள் போட்டால்தான் பழகும். கடைசி இரண்டு மாதத்தில் நானும் அப்படித்தான் போட்டேன், முழு விடையையும் தயங்காமல் பார்த்தேன். தேர்வுக்கு மூன்றே மாதம் இருக்கிறது, பாதிப் பாடம் தொடவே இல்லை என்பவருக்கும் நிறையப் போடும் வழியே பொருந்தலாம். அந்த நெருக்கடியில் நான் படித்ததில்லை, ஆகவே உறுதியாகச் சொல்ல மாட்டேன். ஒலிம்பியாட் போல ஒரு நிரூபணத்துக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கொடுக்கும் தேர்வுகளில் என் பத்து நிமிட விதி அவசரமாகத் தோன்றலாம், அங்கேயும் எனக்கு அனுபவம் குறைவு. இயற்பியலில் படம் வரைந்து விசைகளைக் குறிப்பதே பாதி வேலை என்பதால், அங்கே ‘விடையின் முதல் வரி’ என்பது அந்தப் படமாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். சமன்பாடு வரை தாளை இறக்கினால் கணக்கே முடிந்துவிடும்.