பத்து மணி நேரம் ஓட்டியதாகக் கணக்கு, நான் ஓட்டியது மூன்று மணி 20 நிமிடம்

பினாங்கு ஜெலுத்தோங்கில் இருக்கிறேன், வயது 41. இத்தனை வருஷம் கம்பெனி பஸ்ஸிலேயே பாயான் லெப்பாஸ் போய் வந்தவள். வண்டி ஓட்டப் பயம். அதனால்தான் வாட்ஸ்அப்பில் வந்த அந்த விளம்பரக் காணொளி எனக்கென்றே பேசியது போல இருந்தது. "அக்கா, முதல் தடவையா? ஸ்டியரிங் பிடிச்சா கை நடுங்குதா? கவலையே வேணாம். பொறுமையான சிக்கு, தமிழ்லயே சொல்லித் தருவோம். எல்லாம் சேர்த்து 1,850 வெள்ளிதான். லைசென்ஸ் கையில வர்ற வரைக்கும் நாங்க பொறுப்பு."

நல்ல பேச்சு. பொய் என்று கூடச் சொல்ல முடியாது. ஆனால் ஒவ்வொரு வரியிலும் சொல்லாமல் விட்டது ஒன்று இருந்தது.

பேசியவர் ஓட்டுநர் பயிற்சி நிலையம் அல்ல, ஆள் பிடித்துக் கொடுக்கும் ஏஜெண்ட். எனக்கு அது தெரியாது. அவருடைய சொந்த வங்கிக் கணக்கில்தான் பணம் போட்டேன். ரசீது கேட்டதற்கு, கையால் எழுதிய துண்டுச் சீட்டு ஒன்றைப் படம் எடுத்து அனுப்பினார்.

முதல் கட்டம் சிக்கல் இல்லை. ஓட்டுநர் பாடத்திட்டத்தில் கேபிபி 01 என்ற பாட வகுப்பு, அப்புறம் கணினித் தேர்வு: 50 கேள்வி, 42 சரியாக இருந்தால் பாஸ். முதல் தடவையே தேறிவிட்டேன். 'எல்' லைசென்ஸும் வந்தது. வம்பு கேபிபி 03-இல்தான், அதாவது வண்டியில் ஏறி ஓட்டிப் பழகும் 10 மணி நேரத்தில்.

எனக்குக் கொடுத்தது இரண்டிரண்டு மணி நேரமாக ஐந்து நாள். முதல் நாள் வண்டியில் ஏற்கெனவே இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் ஓட்ட, மற்ற இருவரும் பின் இருக்கையில். என் முறைக்கு 40 நிமிடம் வந்தது. "பின்னால உட்கார்ந்து பார்க்கிறதும் பாடம்தான்கா" என்றார் ஓட்டச் சொல்லித் தரும் சிக்கு. மனிதர் பொறுமையானவர்தான், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஏறும்போதும் இறங்கும்போதும் கட்டைவிரல் ரேகை பதியச் சொன்னார்கள், நானும் பதிந்தேன். கணக்கில் இரண்டு மணி நேரம் ஏறிவிட்டது. ஐந்து நாளும் இதே கதை. நான் நாள்காட்டியில் குறித்து வைத்ததைக் கூட்டினால் மூன்று மணி 20 நிமிடம்.

கிளட்ச் என்பது காலுக்குத் தெரிய வேண்டிய விஷயம், பின் இருக்கையில் உட்கார்ந்து வராது. சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜே நடத்தும் தேர்வுக்கு முன், நிலையத்தில் வைக்கும் முன்தேர்வில் மேட்டில் நிறுத்தி எடுத்தபோது வண்டி பின்னால் சரிந்தது. ஃபெயில்.

ஏஜெண்டைக் கூப்பிட்டேன். கூடுதல் வகுப்பு மணிக்கு 60 வெள்ளியாம், மறுதேர்வுக் கட்டணம் தனியாம். 'எல்லாம் சேர்த்து' என்றது முதல் முயற்சிக்கு மட்டுமாம். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "300 வெள்ளி கொடுங்கக்கா, ஜேபிஜே டெஸ்ட் அன்னைக்குப் பார்த்துக்கலாம்" என்றார். 'நாங்க பொறுப்பு' என்பதன் அர்த்தம் அப்போதுதான் விளங்கியது. லஞ்சம் வாங்குபவர் மட்டுமல்ல, கொடுப்பவரும் ஊழல் தடுப்பு ஆணையமான எஸ்பிஆர்எம்-இல் மாட்டுவார். தவிர, மேட்டில் சரியும் வண்டியோடு ஆயர் ஈத்தாம் மேட்டுச் சாலையில் நான் போய் நிற்க வேண்டுமே! வேண்டாம் என்றேன்.

நேராக நிலையத்தின் கவுண்டருக்குப் போய்ப் பதிவைக் கேட்டேன். "கேபிபி 03 முழுதாக முடிந்துவிட்டதே, நீங்கள்தானே ரேகை வைத்தீர்கள்" என்றார்கள். பதில் சொல்ல வாயில்லை. இதைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன். கட்டைவிரலை வைத்த பிறகு நாம் ஓட்டாத நேரமும் நாம் ஓட்டியதாகிவிடும். இரண்டு மணி நேரத்தில் 40 நிமிடம்தான் கிடைத்தது என்றால், இறங்கும்போது ரேகை வைப்பதற்கு முன் கவுண்டரில் சொல்லுங்கள். பணம் கட்டும் முன்பே, "வண்டியில் எத்தனை பேர்? மறுதேர்வு, தேர்வு நாள் வண்டி இதெல்லாம் உள்ளே அடக்கமா?" என்று வாட்ஸ்அப்பில் எழுத்தில் கேளுங்கள். போனில் வாங்கும் வாக்கு காற்றோடு போய்விடும்.

கடைசியில் நிலையத்திலேயே நேரடியாகக் கட்டி வண்டியில் வேறு மாணவர் இல்லாமல் நான்கு மணி நேரம் ஓட்டினேன். அப்போது வந்த சிக்கு மேட்டை மட்டும் ஒரு மணி நேரம் செய்ய வைத்தார். ஹேண்ட்பிரேக்கை இழுத்தபடியே கிளட்சை மெதுவாக விட வேண்டும். எஞ்சின் சத்தம் கனத்து வண்டி லேசாக நடுங்கும். அந்த இடத்தில் காலை அசைக்காமல் ஹேண்ட்பிரேக்கை இறக்க வேண்டும். நடுங்குவதற்கு முன் இறக்கியதுதான் என் தவறு, முதலில் அதை யாரும் சொல்லித் தரவில்லை. ஜேபிஜே தேர்வில் மேடு, பார்க்கிங், மூன்று முனைத் திருப்பம், சாலை எல்லாம் ஒரே தடவையில் முடிந்தது.

பணத்துக்காகப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனு போட்டேன். கட்டணம் 5 வெள்ளிதான், வக்கீல் வேண்டாம். ஏஜெண்டின் முகவரி கேட்டார்கள். என்னிடம் இருந்தது வங்கிக் கணக்கிலிருந்த பெயரும் ஒரு போன் நம்பரும் மட்டும். முகவரி தேடவே மூன்று வாரம் ஆனது. மனு கைக்குப் போனதும் அவரே கூப்பிட்டு 600 வெள்ளி திருப்பித் தந்தார். காணொளி இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது, விலை மட்டும் 1,950 ஆகியிருக்கிறது.