இடுப்பும் மார்பும் எதிரெதிராகத் திரும்பும் ஸ்பைன் ரிக்: பயன்படுத்திய அனுபவம்

கோவையில் அனிமேட்டராக இருக்கிறேன். பிளெண்டரோடு வரும் ரிகிஃபையின் ஸ்பைனைத்தான் சில வருஷங்களாக நடைக்குப் பயன்படுத்துகிறேன். அதில் இடுப்புக்கான `hips`, மார்புக்கான `chest` இரண்டு கண்ட்ரோலும் `torso`வின் சைல்டாக, ஒன்றையொன்று சாராமல் தனித்தனியாக இருக்கின்றன. எனக்கு அதுதான் முக்கியம்.

முன்பு வேலை செய்த ரிக்கில் மார்பு இடுப்போடு சேர்ந்தே திரும்பும். இடுப்பை 5 டிகிரி திருப்பினால் தோளும் 5 டிகிரி போய்விடும். மார்பு எதிர்ப்பக்கம் 6 டிகிரி நிற்க வேண்டுமென்றால் 11 டிகிரி திருப்பியாக வேண்டும். "இடுப்பு ஆட்டத்தைக் கொஞ்சம் குறைச்சுருங்க" என்று டைரக்டர் சொன்னால் மார்பின் கீ எல்லாவற்றையும் மறுபடி போட வேண்டும். உங்கள் ரிக் எந்த வகை என்று பார்க்க, இடுப்பு கண்ட்ரோலை மட்டும் திருப்பிப் பாருங்கள். தோள் அசையாமல் இருந்தால் நல்லது.

24 ஃபிரேம் நடையில் வலது கால் முன்னே ஊன்றும் 1-வது ஃபிரேமில் இடுப்பின் வலப்பக்கத்தை 5 டிகிரி முன்னே தள்ளுவேன், மார்பின் இடப்பக்கத்தை 6 டிகிரி. 13-ல் இரண்டும் தலைகீழ், 25-ல் பழையபடி. கால்கள் ஒன்றையொன்று கடக்கும் 7, 19-ல் திருப்பம் இல்லை. தூக்கிய கால் பக்கம் இடுப்பு லேசாக இறங்கும், அந்தப் பக்கத் தோள் கொஞ்சம் ஏறும். அப்புறம் மார்பின் கீகளை மட்டும் ஒன்றிரண்டு ஃபிரேம் தாமதமாக வரும்படி தள்ளினால் உடம்பில் உயிர் வரும்.

சமீபத்தில் ஒரு குறும்படத்துக்காக, தலையில் சோளத்தட்டுக் கட்டோடு காட்டிலிருந்து வரும் அம்மாயியின் நடையைச் செய்தேன். அங்கே மேலே சொன்ன கணக்கு பொருந்தவில்லை. கால் வீச்சால் உடம்பு சுழலப் பார்ப்பதைக் கை வீச்சும் தோளும்தான் எதிர்த்து ஈடுகட்டுகின்றன. அம்மாயிக்கு ஒரு கை கட்டைப் பிடித்திருக்கிறது. கட்டும் திரும்பக் கூடாது. அதனால் மார்பை 1 டிகிரிக்குக் குறைத்து, அடியைச் சின்னதாக்கி, ஆட்டத்தை இடுப்போடு நிறுத்தினேன். உடம்போடு தலை எவ்வளவு திரும்ப வேண்டும் என்று சொல்லும் `head_follow` 0-விலேயே இருந்ததால் தலையும் கட்டும் நேராக நின்றன. சேர்ந்து திரும்பும் ரிக்காக இருந்தால், மார்பை அசையாமல் நிறுத்தவே இடுப்பின் ஒவ்வொரு கீக்கும் எதிர்க் கீ போட்டிருக்க வேண்டும்.

குறையும் உண்டு. பாதம் ஐகே-யில் ஊன்றியிருக்கும்போது இடுப்பைத் திருப்பினால் தொடையின் மேல்முனையும் நகரும், கால் எட்டாமல் முழங்கால் வெடுக்கென்று நிமிரும். மெதுவாக ஓட்டிப் பார்த்தால் கால் ஊன்றும் ஃபிரேமில் அது தெரியும். `torso`வைக் கொஞ்சம் கீழே இறக்கினால் சரியாகிவிடும். இடுப்பில் சேலைச் செருகல் கசங்கினால் மட்டும் ரிக்கில் கை வைக்காதீர்கள். அந்த இடத்தின் வெயிட் பெயிண்டைத்தான் பார்க்க வேண்டும்.