வினைச்சொல்லை எங்கே வைப்பது? ரகசியக் காப்பு ஒப்பந்தப் பட்டியலுக்கு மூன்று வடிவங்கள்

மதுரையில் ஒரு சுங்குடிப் பட்டறைக்காரர், தன் சாயக் கலவை அளவுகளை வெளிப்பட்டறை ஒன்றுக்குக் கொடுத்துச் சேலைகளுக்குச் சாயம் போட்டு வாங்க முடிவு செய்தார். அதற்கு எழுதிய ரகசியக் காப்பு ஒப்பந்தம் சரிபார்க்க என்னிடம் வந்தது. அதில் இருந்த பட்டியல் இது:

தகவல் பெறுபவர், தருபவரின் எழுத்துமூலமான சம்மதம் இல்லாமல் பின்வருவனவற்றைச் செய்யக் கூடாது:
(அ) கலவை அளவுகளை வெளியாருக்குச் சொல்லுதல்;
(ஆ) குறிப்புகளை நகல் எடுத்தல்;
(இ) வேலை முடிந்த 15 நாட்களுக்குள் குறிப்புகளைத் திருப்பித் தருதல்.

மூன்றும் 'தல்' என்று முடிவதால் பார்வைக்கு ஒழுங்காகத்தான் இருக்கிறது. பட்டறைக்காரர்தான் விரலை வைத்துக் காட்டினார்: "தம்பி, திருப்பித் தரக் கூடாதுன்னுல்ல போட்டிருக்கு?"

அவர் சொன்னது சரி. தலைவரியோடு (இ)யை மட்டும் சேர்த்துப் படித்தால், சம்மதம் இல்லாமல் குறிப்பைத் திருப்பித் தரக் கூடாது என்றே பொருள் வருகிறது. எழுதியவரின் நோக்கம் அதுவல்ல என்று வாதாடலாம். ஆனால் அப்படி வாதாட வேண்டிய நிலைக்கு ஒப்பந்தம் நம்மைக் கொண்டுபோகக் கூடாது.

ஆங்கிலத்தில் 'ஷால்' என்ற சொல் தலைவரியிலேயே நின்றுவிடும், அதன்பின் ஒவ்வொரு உட்பிரிவும் வினையில் தொடங்கும். தமிழில் வினை கடைசியில் வருவதால், 'வேண்டும்', 'கூடாது' இரண்டையும் எங்கே வைப்பது என்பதை எழுதுபவர்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. மூன்று வழிகள் புழங்குகின்றன.

முதல் வழி மேலே பார்த்தது. கட்டளை தலைவரியில் இருக்கும், உட்பிரிவுகள் தொழிற்பெயராக வரும். எல்லாமே தடைகளாக, அல்லது எல்லாமே கடமைகளாக இருந்தால் இது சுருக்கமாக அமையும். இரண்டும் கலந்தால் உடைந்துவிடும். 'செய்ய வேண்டும்' என்று தலைவரியை மாற்றி, தடைகளை 'சொல்லாதிருத்தல்', 'நகல் எடுக்காதிருத்தல்' என்று எழுதலாம், இலக்கணம் நிற்கும். ஆனால் சாயப்பட்டறையில் இருப்பவர் அதை இரண்டு முறை படித்துத்தான் புரிந்துகொள்வார்.

இரண்டாம் வழி பத்திர நடை. "(அ) அளவுகளை ரகசியமாக வைத்திருக்கவும், (ஆ) வெளியாருக்குச் சொல்லாதிருக்கவும், (இ) குறிப்புகளைத் திருப்பித் தரவும் கடமைப்பட்டவர் ஆவார்." கடமையும் தடையும் கலந்தாலும் இது தாங்கும், வாய்விட்டுப் படித்தால் ஓட்டமாகவும் இருக்கும். மூன்று உட்பிரிவு வரை எனக்கு இது பிடிக்கும். ஏழெட்டு ஆனால், கட்டளை எது என்று தெரியக் கடைசி வரி வரை காத்திருக்க வேண்டும். பேச்சுவார்த்தையில் புதிதாக ஒன்று சேர்க்கும்போது, 'ஆவார்' என்று முடிந்த பிறகு (ஈ) ஒட்டிக்கொண்டு தனியாகத் தொங்குவதையும் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவதில் தலைவரியில் எழுவாய் மட்டும் நிற்கும்; ஒவ்வொரு உட்பிரிவும் தன் முற்றுவினையோடு முடியும். 'வேண்டும்' திரும்பத் திரும்ப வரும், நீளமும் கூடும். ஆனாலும் கடமையும் தடையும் கலந்த பட்டியலுக்கு நான் இதைத்தான் எடுப்பேன். நாளைக்கு மீறல் நடந்து வக்கீல் நோட்டீஸில் ஒரு உட்பிரிவை மட்டும் எடுத்துக் காட்ட நேர்ந்தாலும் அது முழு வாக்கியமாக நிற்கும்.

இதிலும் வழுக்கும் இடம் உண்டு: வேற்றுமை. 'தகவல் பெறுபவர்' என்று தலைவரி தொடங்கிய பிறகு, "கலவையின் மேல் எந்த உரிமையும் இல்லை" என்று ஒரு உட்பிரிவு வந்தால் ஒட்டாது. அதற்குப் 'பெறுபவருக்கு' வேண்டும். அது கடமையும் அல்ல, ஆகவே தனிப் பிரிவாக வெளியே போக வேண்டும். "ஊழியர்களும் ரகசியம் காக்க வேண்டும்" என்பதில் எழுவாயே மாறிவிடுகிறது. ஊழியர் இந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதவர்; கடமையைத் தகவல் பெறுபவர் மேல் வைத்தால்தான் பிடி இருக்கும்.

சம்மதம் பற்றிய சொற்றொடரையும் தலைவரியிலிருந்து இறக்க வேண்டியிருந்தது. அங்கேயே விட்டால் "சம்மதம் இல்லாமல் திருப்பித் தர வேண்டும்" என்று வரும். கையெழுத்துக்குத் தயாரான வடிவம்:

தகவல் பெறுபவர்,
(அ) கலவை அளவுகளை இந்த வேலைக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும்;
(ஆ) தன் ஊழியர்களையும் ரகசியம் காக்கச் செய்ய வேண்டும்;
(இ) வேலை முடிந்த 15 நாட்களுக்குள் குறிப்புகளைத் திருப்பித் தர வேண்டும்;
(ஈ) தருபவரின் எழுத்துமூலமான சம்மதம் இல்லாமல் அளவுகளை வெளியாருக்குச் சொல்லக் கூடாது;
(உ) அத்தகைய சம்மதம் இல்லாமல் குறிப்புகளை நகல் எடுக்கக் கூடாது.

கையெழுத்துக்கு முன், மற்ற வரிகளைக் கையால் மறைத்துக்கொண்டு, தலைவரியோடு ஒவ்வொரு உட்பிரிவையும் தனித்தனியாகப் பட்டறைக்காரரிடம் வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். (ஆ)வில் மட்டும் நிறுத்தி, கூலிக்கு வந்து போகிறவர்களும் இதில் அடங்குவார்களா என்று கேட்டார். 'தன் ஊழியர்களையும் தினக்கூலி ஆட்களையும்' என்று மாற்றினோம். வேறு எந்த வரியையும் தொட வேண்டியிருக்கவில்லை.