சாம்பாருக்கு மூட வேண்டும், தோசைக்குத் திறக்க வேண்டும்: டிபன் பார்சல் ஓர் ஒப்பீடு

கோவை பீளமேட்டில் வீட்டோடு சேர்ந்த சின்ன சமையலறையில் காலையும் மாலையும் டிபன் செய்து பைக்கில் அனுப்புகிறோம். முதல் சில மாதங்களில் வந்த புகார்களில் உப்பு, காரம் பற்றி ஒன்றுமே இல்லை. சாம்பார் பை முழுக்கக் கொட்டிவிட்டது, தோசை ஈரத்துணி மாதிரி இருக்கிறது, சட்னியில் புளித்த வாடை. இந்த மூன்றுதான் மாறி மாறி வந்தன. எல்லாவற்றையும் ஒரே மாதிரி மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்து அனுப்பிக்கொண்டிருந்தோம். சாம்பாருக்கு ஆவிகூடக் கசியாத மூடி தேவை, தோசைக்கோ ஆவி போக வழி தேவை, தேங்காய்ச் சட்னிக்குச் சூடே ஆகாது. இது புரிந்த பிறகு ஒவ்வொன்றுக்கும் கிடைக்கிற வழிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம்.

சாம்பார்: கவரா, மூடி டப்பாவா, சீல் கப்பா?

கவரில் ஊற்றி ரப்பர் பேண்டு போட்டுக் கட்டுவதில் ஒரு நல்ல விஷயம் உண்டு. காற்றை வெளியேற்றி முறுக்கிக் கட்டிவிட்டால் உள்ளே அலம்ப இடமே இருக்காது. கட்டத் தெரிந்தவர் கட்டிய கவர் வழியில் ஒழுகுவது குறைவு. ஆனால் கொதிக்கிற சாம்பார் பட்டதும் மெல்லிய கவர் இளகிவிடும். மேலே ஒரு டப்பா அழுத்தினால் ஓரத்து ஒட்டு விடும். பிரிக்கும்போது பாதி கையில் கொட்டும். அந்தச் சூட்டுக்கென்று செய்யாத பிளாஸ்டிக்கிலிருந்து என்னவெல்லாம் சாம்பாரில் இறங்கும் என்ற கவலை வேறு. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் உணவு கட்டும் பிளாஸ்டிக் தாளுக்கும் பிளாஸ்டிக் பைகளுக்கும் தடையும் இருக்கிறது. நாங்கள் கவரை விட்டுவிட்டோம்.

மூடி டப்பா வாங்கும்போது அடியைத் திருப்பிப் பாருங்கள். முக்கோணத்துக்குள் 5 என்று இருந்தால் அது பாலிப்ரொப்பிலீன், கொதிக்கிற சாம்பாரைத் தாங்கும். 1 என்று இருப்பது தண்ணீர் பாட்டில் வகை. சுமார் 70 டிகிரியிலேயே நெளிய ஆரம்பிக்கும், பழத்துண்டுக்கும் தயிருக்கும் மட்டும் வைத்துக்கொள்ளலாம். ஒரு முறை கண்ணாடி மாதிரி பளபளப்பாக இருக்கிறதே என்று அந்த வகையை வாங்கிச் சாம்பார் ஊற்றினேன். டப்பா ஒரு பக்கம் சுருங்கி மூடி தானாகவே கழன்றுகொண்டது.

நல்ல டப்பாவும் ஒழுகும். அதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணம். ஒன்று, ஊற்றும்போது விளிம்பில் ஒரு சொட்டு படுவது. அந்தச் சொட்டில் இருக்கிற எண்ணெயும் ஒரு பருப்புத் துணுக்கும் மூடியை முழுதாகப் பொருந்த விடாது. இன்னொன்று, கழுத்துவரை நிரப்பிக் கொதிக்கக் கொதிக்க மூடுவது. உள்ளே சேரும் ஆவி மூடியைத் தூக்கும், ரைடர் பிரேக் போட்ட நொடியில் அந்த இடைவெளி வழியாக வெளியே வரும். அதனால் இப்போது ஒரு விரற்கடை இடம் விட்டு ஊற்றுகிறோம். விளிம்பைச் சுத்தமான துணியால் துடைத்து, மூடியைச் சும்மா மேலே வைத்து ஒரு நிமிடம் ஆவியைப் போகவிட்டு, அப்புறம் சுற்றிவர விரலால் அழுத்துகிறோம். கொஞ்ச நேரத்தில் மூடி லேசாக உள்வாங்கிக் குழிந்தால் மூடல் சரி. உள்ளே சூடு குறையும்போது ஆவி சுருங்கி மூடியை இழுக்கிறது, வெளிக்காற்று உள்ளே போக வழி இல்லை என்று அதற்குப் பொருள். உப்பலாகவே இருந்தாலோ, அழுத்தும்போது புஸ்ஸென்று காற்று வந்தாலோ அந்த டப்பாவை மாற்றிவிடுவோம்.

சீலிங் மெஷினில் கப்பின் மேல் பிலிம் ஒட்டி அனுப்புவது ஒழுகாமல் இருப்பதில் இவை எல்லாவற்றையும் மிஞ்சும். யாரும் திறக்கவில்லை என்பதும் வாங்குபவருக்குக் கண்ணாலேயே தெரியும். ஆனால் விளிம்பில் எண்ணெய் பட்டால் பிலிம் ஒட்டாது, மின்சாரம் போனால் வேலை நிற்கும், அவசர நேரத்தில் ஒவ்வொரு கப்பாக வைத்து எடுக்கக் கை வேண்டும். ஒரு வேளைக்கு முப்பது நாற்பது பார்சலுக்குள் இருப்பவர்களுக்கு நல்ல மூடி டப்பாவும், மூடியையும் டப்பாவையும் சேர்த்துக் குறுக்காக ஒட்டிய ஒரு டேப்பும் போதும் என்பது என் முடிவு. அதைத் தாண்டினால் மெஷின் வாங்கலாம்.

தோசை: ஃபாயிலா, வாழை இலையா, கரும்புச் சக்கை டப்பாவா?

தோசையின் மொறுமொறுப்பு என்பது மேல்தோல் காய்ந்திருப்பதுதான். கல்லிலிருந்து எடுத்த பிறகும் உள்ளே இருக்கிற ஈரம் ஆவியாக வெளியே வந்துகொண்டே இருக்கும். அலுமினிய ஃபாயிலில் சுற்றினால் அந்த ஆவிக்குப் போக்கிடம் கிடையாது. ஃபாயிலின் உட்புறத்தில் நீர்த்துளியாகி மறுபடி தோசையிலேயே இறங்கும். சூட்டை அது கொஞ்சம் கூடுதலாகக் காப்பது உண்மைதான், அந்தச் சூடே தோசையைத் தொய்ய வைக்கிறது.

வாழை இலையில் எனக்குத் தனிப் பிரியம். அனலில் லேசாக வாட்டினால் கிழியாமல் மடியும், எதுவும் ஒட்டாது, வாசனையும் சேரும். இட்லிக்கு அதைவிட நல்ல உறை நான் பார்க்கவில்லை. இட்லிக்கு வேண்டியதே மென்மையும் ஈரமும்தான், இலை அதைக் காக்கிறது. முறுகல் தோசைக்கு அதே குணம் பகை. மேலே சுற்றும் தாளில் மட்டும் கவனம் வேண்டும். பழைய செய்தித்தாளின் மை சூட்டிலும் எண்ணெயிலும் உணவுக்கு இறங்கும் என்பதால் அதில் உணவு கட்டுவதை உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018 விதிகள் தடுக்கின்றன. நாங்கள் அச்சில்லாத பழுப்புத் தாள் பயன்படுத்துகிறோம். ஸ்டேப்ளர் பின் அடிப்பதில்லை, நூல் கட்டுகிறோம்.

கரும்புச் சக்கை டப்பா ஆவியில் ஒரு பங்கைத் தானே உறிஞ்சிக்கொள்ளும். மூடியின் இரண்டு ஓரத்திலும் கத்தியால் சின்னதாகக் கீறிவிட்டால் மீதியும் வெளியேறும். அதே குணத்தால்தான் அது சாம்பாருக்கு உதவாது, நேரம் ஆக ஆக அடி ஊறி நெகிழ்ந்துவிடும். தோசையை நேரே டப்பாவில் போடாமல் கம்பித் தட்டில் ஒரு நிமிடம் ஆறவிட்டு, அடியில் பட்டர் பேப்பர் வைத்து, இறுக்கிச் சுருட்டாமல் ஒரே மடிப்பாக வைக்கிறோம். தோசைகளை ஒன்றின்மேல் ஒன்று அடுக்கினால் இந்த உழைப்பெல்லாம் வீண்.

இவ்வளவு செய்தும் பேப்பர் ரோஸ்ட் இருபது நிமிடப் பயணத்தைத் தாங்கவில்லை. அதைப் பார்சல் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டோம். செட் தோசையும் ஊத்தப்பமும் மென்மையாக இருக்க வேண்டியவை, அவை எவ்வளவு தூரமும் போகும். பொடி தோசை நடுவில் நிற்கிறது, பக்கத்துத் தெருக்களுக்கு அனுப்பலாம்.

தேங்காய்ச் சட்னி

ஒழுகினால் பணம் திருப்பித் தரலாம். கெட்ட சட்னி ஒருவரைப் படுக்க வைத்துவிடும். அதனால் எனக்கு மிகவும் பயம் இதில்தான். அரைத்த பச்சைத் தேங்காயில் ஈரம், கொழுப்பு, இனிப்பு மூன்றும் இருக்கின்றன, கிருமிக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில்தான் அவை வேகமாகப் பெருகுகின்றன. சூடான சாம்பார் டப்பாவை ஒட்டிச் சட்னிக் கப்பை வைப்பது அதைச் சரியாக அந்த இடைவெளிக்குள் தள்ளுகிற காரியம்.

ஒரே ஆர்டரை இரண்டு விதமாகக் கட்டி, ஒரே வண்டியில் சரவணம்பட்டியில் இருக்கும் என் தங்கை வீட்டுக்கு அனுப்பிப் பார்த்தேன். மாலை நெரிசலில் போய்ச் சேர 35 நிமிடம் ஆனது. குச்சி வெப்பமானியைத் தங்கையிடம் முன்பே கொடுத்திருந்தேன். இரண்டு பார்சலிலும் சாம்பார் 88 டிகிரியில் புறப்பட்டு 70க்குப் பக்கத்தில் போய்ச் சேர்ந்தது. சட்னியில்தான் வித்தியாசம். பழையபடி சாம்பாரோடு ஒரே பையில் போனது 41 டிகிரி, அதாவது கை வைத்தாலே இளஞ்சூடு. ஃபிரிட்ஜிலிருந்து கடைசி நிமிடம் எடுத்துத் தனித் தாள் பையில் போட்டு, இட்லிப் பொட்டலத்தை நடுவில் வைத்து அனுப்பியது 19 டிகிரி.

இப்போது ஒரே நேரத்தில் மொத்தமாக அரைப்பதில்லை, மணிக்கு ஒரு முறை கொஞ்சமாக அரைத்து உடனே ஃபிரிட்ஜில் வைக்கிறோம். தாளிப்பைச் சூடாக அதன்மேல் கொட்டுவதில்லை, ஆறவிட்டுச் சேர்க்கிறோம். மேலே நுரை கட்டியிருந்தாலோ, கரண்டியில் எடுக்கும்போது வழவழப்பு தெரிந்தாலோ முகர்ந்துகூடப் பார்க்காமல் கொட்டிவிடுகிறோம். மாலைக்கு மேல் தொலைவான ஆர்டர் வந்தால் தேங்காய்ச் சட்னிக்குப் பதிலாக எண்ணெயில் நன்றாக வதக்கிய காரச் சட்னி போகும்.

பையும் வண்டியும்

வெகு நாள் மூடியையே குறை சொல்லிக்கொண்டிருந்தேன். எங்களுக்கு வழக்கமாக எடுத்துப்போகும் ரைடர் தம்பிதான் ஒரு நாள் சொன்னார்: "டப்பா மூடியால கொட்டறதில்லைங்க அக்கா. பைக்குள்ள சுத்தியும் காலி இடம் இருக்குதில்லைங்க, பள்ளத்துல விழுந்தா அதுலதான் சாயுது." மறுநாள் காலியிடத்தில் மடித்த தாளைத் திணித்து அனுப்பினோம். அந்த வாரம் ஒரு சாம்பாரும் கொட்டவில்லை.

முதுகில் மாட்டும் பை ரைடர் குனியும்போதெல்லாம் சாயும், ஆனால் பள்ளத்தின் குலுக்கலை அவர் உடம்பே வாங்கிக்கொள்ளும். பின்னால் பொருத்திய பெட்டி சாயாது, பின்சக்கரத்தின் அடி மட்டும் நேராக ஏறும். ஸ்கூட்டர் முன்கொக்கியில் தொங்கவிடுவது ஊஞ்சல் மாதிரி ஆடுவதால் மூன்றிலும் மோசம். எந்த வண்டி வரும் என்பது நம் கையில் இல்லை. எனவே அடி அகலமான தாள் பையில் கனமான சாம்பார் டப்பாவை நடுவில் அடியிலும், இட்லியை அதைச் சுற்றியும், தோசை டப்பாவைப் படுக்கையாக மேலேயும் வைக்கிறோம். சட்னிப் பையை வெளியே தனியாகக் கட்டிவிடுகிறோம். ரைடரின் பையில் இன்னொருவர் வாங்கிய ஐஸ்கிரீம் இருந்தால் சட்னியை அதன் பக்கம் வைக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்கிறேன்.

வரிசையையும் மாற்றினோம். முன்பு ஆர்டர் வந்ததும் தோசையைச் சுட்டுவிட்டு ரைடருக்காகக் காத்திருப்போம். இப்போது சாம்பாரும் இட்லியும் முதலில் கட்டி முடிகின்றன. ரைடர் தெருமுனையில் திரும்பிவிட்டார் என்று தெரிந்த பிறகே தோசை மாவைக் கல்லில் ஊற்றுகிறோம். அவர் வண்டியை நிறுத்தி மேலே வருவதற்குள் தோசை கம்பித் தட்டில் அதன் ஒரு நிமிடத்தை முடித்திருக்கும்.