காரைக்குடியிலிருந்து சென்னைக்கு வீடு மாற்ற: பேக்கர்ஸா, தனி வண்டியா?

போன ஆனி மாதம் செக்காலையிலிருந்து சென்னைக்குக் குடிபெயர்ந்தோம். இரண்டு படுக்கையறை வீட்டுச் சாமான், நானூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். இரண்டு வழிகளுக்கும் கணக்குப் போட்டுவிட்டுத் தனி வண்டியைத்தான் எடுத்தேன். அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பேக்கர்ஸ் தொலைபேசியில் சொன்ன தொகை 32,000. அது முழுத்தொகை இல்லை. அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 5,760. சாமான் மதிப்பு 2 லட்சம் என்று சொன்னதும், அதற்கு 3 சதவீதம் 'இன்சூரன்ஸ்' என்று இன்னொரு 6,000. ஆக 43,760. அந்த இன்சூரன்ஸின் பாலிசி நகலைக் கேட்டேன். காப்பீட்டு நிறுவனத்தின் பாலிசி எதுவும் இல்லை. 'ரிஸ்க் கவரேஜ்' என்று அவர்களே தங்கள் தாளில் எழுதித் தருவதுதானாம். உடைந்தால் உடைத்தவரிடமே போய்க் கேட்க வேண்டும்.

தனி வண்டிக்கு, சென்னையிலிருந்து இங்கே சரக்கு இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் 14 அடி வண்டியை லாரி புக்கிங் ஆபீஸில் சொல்லிவைத்துப் பிடித்தேன். சுங்கச்சாவடிக் கட்டணம் உள்பட வாடகை 19,000. ஓட்டுநர் பேட்டா 800. இங்கே ஏற்ற நாலு பேருக்கு 3,600. அங்கே இரண்டாம் மாடிக்கு ஏற்றிவைக்க 5,000. கட்டிலையும் அலமாரியையும் கழற்றித் தந்த ஆசாரிக்கு 1,200. அட்டைப்பெட்டி, பபுள் ஷீட், டேப் எல்லாம் 2,600. மொத்தம் 32,200.

வித்தியாசம் 11,560 என்று தோன்றும். ஆனால் அந்த ரிஸ்க் கவரேஜை வேண்டாம் என்றால் 5,560தான். நான்கு இரவு உட்கார்ந்து நாமே கட்டுகிற கூலியை நினைத்தால் அது பெரிய லாபமில்லை. என்னைத் தனி வண்டி பக்கம் தள்ளியது பணமில்லை, சாமான் எத்தனை முறை கை மாறுகிறது என்பதுதான்.

ஒரு வீட்டுச் சாமானுக்காகப் பெரிய கன்டெய்னர் காரைக்குடி வரை வராது. சின்ன வண்டியில் ஏற்றித் திருச்சிக்கோ மதுரைக்கோ கொண்டுபோய்க் கிடங்கில் இறக்குவார்கள். வேறு வீட்டுச் சாமான்களும் சேர்ந்ததும் பெரிய வண்டியில் ஏற்றுவார்கள். சென்னையில் மறுபடி இறக்கிச் சின்ன வண்டி. மூன்று ஏற்றம், மூன்று இறக்கம். தனி வண்டியில் ஒன்றுக்கு ஒன்று. எங்களிடம் அப்பத்தாவின் தேக்கு அலமாரி இருக்கிறது. கதவில் பழைய கண்ணாடி, தூக்க நாலு ஆள். எடை கூடிய சாமான் ஓடும்போது உடைவதைவிட, இறக்கும்போது மூலை இடித்துத்தான் கெடுகிறது. (எனாமல் சட்டிகளைப் பழைய சேலையில் சுற்றி அண்டாவுக்குள் அடுக்கினோம். ஒன்றும் பெயரவில்லை.)

சாமான் இடையில் மாற்றப்படுமா என்பதைக் கண்டுபிடிக்க இரண்டு கேள்வி போதும். எத்தனை நாளில் வரும்? ஓர் இரவுப் பயணத்துக்கு 'மூன்று முதல் ஐந்து நாள்' என்றால் நடுவில் கிடங்கு இருக்கிறது. ஏற்றும் வண்டியின் எண்ணை ரசீதில் எழுதி, அதே வண்டிதான் வாசலில் இறக்கும் என்று தருவீர்களா? என்னிடம் பேசியவர் இதற்கு மழுப்பினார். எழுதித் தருபவர் கிடைத்தால் பேக்கர்ஸையே எடுக்கலாம், தவறில்லை.

தனி வண்டியின் குறை, தேதி நம் கையில் இல்லை. திங்கள் என்றவர் புதன்தான் வந்தார். அந்த இரண்டு நாளும் கட்டிய பெட்டிகளுக்கு நடுவே ஓட்டல் சாப்பாடு. ஆபீஸ் செலவைத் திருப்பித் தருமென்றால் முறையான பில் வேண்டும். அப்போது பேக்கர்ஸ்தான் வசதி. ஏசி இருக்கும் வீடு, வெளிமாநிலம் இரண்டிலும் எனக்கு அனுபவமில்லை.

எந்த வழியில் போனாலும் மாறாத செலவுகள் சில. சென்னையில் வாடகை 16,000, ஐந்து மாத அட்வான்ஸ் 80,000, முதல் மாத வாடகை, புரோக்கருக்கு ஒரு மாதம். சாவி வாங்குமுன் 1,12,000 கையில் வேண்டும். காரைக்குடியில் கொடுத்த 40,000 அட்வான்ஸ், வெள்ளையடிப்புக்கு 7,000 போக, சாவி கொடுத்து இரண்டு வாரம் கழித்துத்தான் வந்தது. வண்டிச் செலவைவிட இந்த இடைவெளிதான் முழி பிதுங்க வைத்தது.

கரண்ட் வீட்டுக்கார ஆச்சி பெயரில் இருந்ததால் துண்டிப்புக் கட்டணம் இல்லை. ஆனால் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் வரும் என்பதால், கிளம்பிய அன்று மீட்டரைப் படமெடுத்து அவருக்கும் அனுப்பிவிட்டேன். கேஸ் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஏஜென்சியில் ஒப்படைத்து வவுச்சர் வாங்கினால் டெபாசிட் திரும்பக் கிடைக்கும்; புது ஊரில் இணைப்பு வாங்க அந்த வவுச்சரைக் கேட்பார்கள். அதைப் பெட்டிக்குள் போட்டு டேப் ஒட்டிவிட்டு, நான் சென்னையில் பதினொரு பெட்டியைப் பிரித்துத் தேடினேன்.