புது எஃப்சியா, போன வருஷத்து டிஸ்க்கா, இலவச இஃபுட்பாலா?

செப்டம்பர் கடைசி வாரம் வந்துவிட்டால் எங்கள் தர்மபுரி பையன்கள் கேட்பது ஒரே கேள்வி: "அண்ணா, இந்த வருஷ எஃப்சி வாங்கலாமா?" எஃப்சி என்பது ஈஏ நிறுவனம் வருஷாவருஷம் வெளியிடும் கால்பந்து வீடியோ கேம், முன்பு ஃபிஃபா என்ற பெயரில் வந்தது. மணிக்கணக்கில் பிஎஸ்5 வாடகைக்கு விடும் கடை ஒன்றை என் நண்பர் இங்கே நடத்துகிறார். எந்த டிஸ்க் எடுப்பது, எதை விடுவது என்று அவரோடு உட்கார்ந்து பேசுவது என் வழக்கம். அந்தப் பேச்சில் தேறியதை எழுதுகிறேன். பதில் எல்லோருக்கும் ஒன்றல்ல. நீங்கள் அந்த விளையாட்டுக்குள் எந்தப் பகுதியில் நேரம் செலவிடுகிறீர்கள் என்பதுதான் முடிவைத் தீர்மானிக்கிறது.

முதலில் லைசென்ஸ். இது புரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். 2022 மே மாதம் ஈஏ நிறுவனமும் ஃபிஃபா அமைப்பும் பிரிவதாக அறிவித்தபோது, இனிமேல் கேமில் உண்மையான வீரர்களே இருக்க மாட்டார்கள் என்று பலர் பயந்தார்கள். 2023 செப்டம்பரில் எஃப்சி 24 வந்தது. வீரர்கள் அப்படியே இருந்தார்கள், பிரீமியர் லீக் இருந்தது, சாம்பியன்ஸ் லீக்கும் இருந்தது. காரணம், ஃபிஃபாவிடம் ஈஏ வாங்கிவைத்திருந்தது அந்தப் பெயரையும் உலகக் கோப்பையையும்தான். வீரர்களின் பெயரும் முகமும் பெரும்பாலும் வீரர் சங்கமான ஃபிஃப்ப்ரோ வழியாக வருகின்றன. லீக் உரிமையை லீக்கிடம் தனியாக வாங்க வேண்டும், கிளப் உரிமையைச் சில நேரம் அந்தக் கிளப்பிடமே வாங்க வேண்டும். சாம்பியன்ஸ் லீக் ஒப்பந்தம் யூஇஎஃப்ஏவோடு. இவை எல்லாம் வேறு வேறு கையெழுத்து, வேறு வேறு கெடு.

அதனால்தான் ஒரு கிளப்பின் சின்னம் திடீரென்று காணாமல் போகிறது, அதன் வீரர்கள் மட்டும் அப்படியே நிற்கிறார்கள். ஃபிஃபா 20-இல் யுவென்டஸைத் தேடியவர்கள் பார்த்தது 'பியமான்டே கால்சியோ' என்ற ஓர் அணியை. யுவென்டஸ் அப்போது ஈஏவின் போட்டி நிறுவனமான கொனாமியின் பெஸ் என்ற கால்பந்து கேமோடு தனி ஒப்பந்தம் போட்டிருந்தது. ரொனால்டோ யுவென்டஸில் ஆடிய காலம் அது. ஃபிஃபாவில் அவர் முகம் அச்சு அசலாக இருந்தது, மேலே போட்டிருந்த சட்டை மட்டும் கற்பனை. ஃபிஃபா 23-இல்தான் யுவென்டஸ் தன் பெயரோடு திரும்பி வந்தது. பிறகு எஃப்சி 25-இல் மிலன் நகரத்து இரண்டு கிளப்புகளுக்கு அதே கதி: இன்டர் 'லோம்பார்டியா எஃப்சி' ஆனது, ஏசி மிலன் 'மிலானோ எஃப்சி' ஆனது. எஃப்சி 24-இல் இரண்டும் ஒழுங்காக இருந்தன. ஒரு இன்டர் ரசிகன் 2024 செப்டம்பரில் முழு விலை கொடுத்து அப்டேட் ஆகியிருந்தால், அவனுக்குக் கிடைத்தது முந்தைய வருஷத்தைவிடக் குறைவானதுதான். புதுசு என்றால் கூடுதலாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கை இந்த இடத்தில் செல்லாது. வாங்கும் முன் உங்கள் கிளப் அந்த வருஷ லைசென்ஸ் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். ஈஏ அந்தப் பட்டியலை வெளியீட்டுக்கு முன்பே போட்டுவிடும்.

நம் ஊர்க்காரர்களுக்கு இன்னொரு விஷயம். இந்தியாவின் ஐஎஸ்எல் லீக் ஃபிஃபா 22-இல்தான் முதலில் வந்தது. சென்னையின் எஃப்சி அணியை எடுத்து ஆட வேண்டும் என்பவர்களுக்கு அந்த ஒரு வருஷ மாற்றம் உண்மையாகவே காசு கொடுக்கத் தகுந்தது. ஃபிஃபா 21-இல் எவ்வளவு தேடினாலும் அந்த அணி கிடைக்காது.

இனி வழிகளைப் பார்ப்போம்.

வருஷாவருஷம் புதுசு வாங்கும் வழி யாருக்குப் பொருந்தும் என்றால், வீரர்களைக் கார்டுகளாகச் சேர்த்து அணி கட்டும் அல்டிமேட் டீம் மோட் ஆடுபவர்களுக்கு. அதில் கார்டு கார்டாகச் சேர்த்த அணியும் காயின்களும் அடுத்த வருஷத்துக்கு வராது. அக்டோபர் வந்தால் எல்லோரும் பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறார்கள். பழைய கேமில் சர்வர் ஓடிக்கொண்டுதான் இருக்கும், ஆனால் கூட்டம் நகர்ந்துவிடும், எதிராளி கிடைக்கக் காத்திருக்க வேண்டியிருக்கும், மார்க்கெட்டில் கார்டு விலை சரிந்து கிடக்கும். ஆகவே அல்டிமேட் டீம்தான் உங்கள் உயிர் என்றால் வெளியான முதல் மாதத்திலேயே வாங்குங்கள். இல்லாவிட்டால் அந்த வருஷம் வாங்கவே வேண்டாம். பிப்ரவரியில் நுழைந்தால் எதிரே வருபவன் ஐந்து மாதம் சேர்த்த அணியோடு நிற்பான். அவனை எட்டிப் பிடிக்கத்தான் காசு கொடுத்துக் கார்டு பேக் வாங்கத் தோன்றும். காசு உண்மையில் கரைவது அங்கேதான், டிஸ்க் விலையில் அல்ல.

ஒரு கிளப்பைச் சீசன் சீசனாக நடத்தும் கேரியர் மோட் ஆடுபவர்களுக்கும், நண்பர்களோடு சோஃபாவில் உட்கார்ந்து கிக் ஆஃப் என்ற ஒற்றை மேட்ச் ஆடுபவர்களுக்கும் கதையே வேறு. கடையில் ஒரு மத்தியானம் இரண்டு டிவியில் எஃப்சி 24, எஃப்சி 25 இரண்டையும் ஒரே நேரத்தில் ஓட்டிப் பார்த்தோம். மெனு மாறியிருந்தது. ஐந்து பேர் ஆடும் 'ரஷ்' என்ற மோட் புதிது. அணியின் ஆட்டமுறையை அமைக்கும் பக்கம் முழுக்க மாறியிருந்தது: ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் தனித்தனிப் பொறுப்பு கொடுக்கலாம். அந்தப் பக்கத்துக்குள் போய் மாற்றி வைத்து ஆடினால் வித்தியாசம் நன்றாகவே தெரிகிறது. போகாமல் வழக்கமான அமைப்பில் ஆடினால், பாஸ் போடுவது, ஷாட் அடிப்பது, கோலி குதிப்பது எதிலும் காசுக்கேற்ற மாற்றம் கையில் படவில்லை. வாடகைக்கு ஆட வரும் பையன்கள் பெரும்பாலும் அந்தப் பக்கத்தைத் திறப்பதே இல்லை. நேராக ரியல் மாட்ரிட், நேராக மான்செஸ்டர் சிட்டி, உடனே ஆட்டம்.

அப்போது அவர்களுக்கு நிஜமாகக் குறை தெரிவது எங்கே? ஆட்கள் பட்டியலில். எம்பாப்பே 2024 கோடையில் ரியல் மாட்ரிட் போனார். எஃப்சி 24-இல் அவர் பிஎஸ்ஜியில்தான் இருப்பார். கேரியர் மோட் என்றால் இது பெரிய சிக்கல் இல்லை. முதல் சீசனிலேயே நீங்கள் வாங்கலாம், விற்கலாம், இரண்டு சீசன் கடந்தால் எந்தப் பட்டியலும் நிஜ உலகத்தோடு ஒத்துப்போகாது. தொடங்கும்போதே பிரீமியர் லீக்குக்கு ஏறிய அணியையும் இறங்கிய அணியையும் இடம் மாற்றி வைக்கவும் வழி இருக்கிறது. லெஸ்டர், இப்ஸ்விச், சவுத்தாம்ப்டன் மூன்றையும் மேலே ஏற்றி, லூட்டன், பர்ன்லி, ஷெஃபீல்டு யுனைடெடைக் கீழே இறக்கினால் 2024 சீசன் லீக் பட்டியல் கைக்கு வந்துவிடும். வராதது புதுச் சட்டையும் புதிதாக வெளிச்சத்துக்கு வந்த பொடியன்களும்தான்.

இதில் பிஎஸ்4 வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ஆட்டக்காரர் அசைவுக்கு ஈஏ பெரிதாக விளம்பரம் செய்யும் ஹைப்பர்மோஷன் பிஎஸ்4-க்கு வருவதே இல்லை. டிவி விளம்பரத்தில் பார்ப்பது பிஎஸ்5 பதிப்பு. பிஎஸ்4-இல் ஒரு வருஷத்துக்கும் அடுத்த வருஷத்துக்கும் உள்ள இடைவெளி இன்னும் சிறியது. நின்டெண்டோ ஸ்விட்சில் ஈஏவே இதை வெளிப்படையாகச் செய்தது: ஃபிஃபா 20 முதல் 23 வரை அங்கே வந்தவை 'லெகசி எடிஷன்', அதாவது அதே பழைய ஆட்டம், புதிய அணிப் பட்டியல், புதிய சட்டை. கொனாமியும் 2020-இல் பெஸ் 2021-ஐ 'சீசன் அப்டேட்' என்று பெயர் போட்டு, குறைந்த விலைக்கு விற்றது. வருஷா வருஷம் எதற்குக் காசு கேட்கிறார்கள் என்பதற்கு இதைவிட நேர்மையான பதில் வேறு வேண்டியதில்லை.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எண்களை உங்கள் கடை விலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். புது டிஸ்க் 4,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பத்து மாதம் ஆடி, ஜூலையில் 1,200-க்குத் தள்ளிவிட்டால் வருஷச் செலவு 3,300. மூன்று வருஷத்துக்கு 9,900. செப்டம்பர் வரை காத்திருந்தால் அந்த 1,200-ம் வராது, ஏனென்றால் எல்லோரும் அப்போதுதான் விற்க வருவார்கள். இன்னொருவர் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை மட்டும், அதுவும் வெளியாகி ஐந்தாறு மாதம் கழித்து, பழைய டிஸ்க்கை 2,000-க்கு வாங்குகிறார். அவருக்கு மூன்று வருஷத்துக்கும் சேர்த்து அதுதான் செலவு. ஓசூரிலிருந்து தினம் பெங்களூரு போய் வரும் நண்பர் இருந்தால் இன்னும் நல்லது, அங்கே பழைய டிஸ்க் நிறையக் கிடைக்கிறது. டிஜிட்டலில் வாங்கினால் இந்தக் கணக்கு எதுவும் ஓடாது, விற்க முடியாது. தள்ளுபடிக்குக் காத்திருப்பது ஒன்றுதான் வழி, நவம்பர் முதலே பெரிய தள்ளுபடிகள் தொடங்கும். பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தாவில் ஃபிஃபா 22-ம் எஃப்சி 24-ம் மே மாதத்தில் கிடைத்தன, ஆனால் ஃபிஃபா 23 அந்த மாதப் பட்டியலில் வரவில்லை. அதை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம்.

டிஸ்க்குக்கு இன்னொரு பலம் உண்டு. 2023-இல் ஃபிஃபா பெயர் ஒப்பந்தம் முடிந்ததும் ஃபிஃபா 14 முதல் 23 வரை எல்லாமே டிஜிட்டல் கடைகளிலிருந்து எடுக்கப்பட்டன. முன்பே வாங்கியவர்கள் திரும்ப இறக்கிக்கொள்ளலாம், புதிதாக யாரும் வாங்க முடியாது. 2022 உலகக் கோப்பை மோட் ஃபிஃபா 23-க்குள் இருக்கிறது. அதை ஆட ஆசைப்படும் புதியவருக்கு இப்போது டிஸ்க்தான் கதி.

மூன்றாவது வழி, பெஸ்ஸின் இடத்தில் கொனாமி கொண்டுவந்த இஃபுட்பால். இலவசம், 2021 செப்டம்பரில் மோசமான நிலையில் வெளியானது, பிறகு படிப்படியாகச் சரியானது. வருஷப் பதிப்பு என்ற பேச்சே இல்லை, அதே கேம் புதுப்பிக்கப்படுகிறது. ஆட்டத்தின் நிதானமும் பந்தின் கனமும் எனக்கு எஃப்சியைவிடப் பிடிக்கும். ஆனால் பழைய பெஸ் ரசிகர்கள் உயிராக நினைத்த மாஸ்டர் லீக் என்ற கேரியர் மோட் இதில் இல்லை, பெரும்பாலான ஆட்டத்துக்கு இணையம் வேண்டும். பாலக்கோடு, பென்னாகரம் பக்கத்துக் கிராமங்களில் போன் ஹாட்ஸ்பாட்டை நம்பி ஆடுபவர்களுக்கு இது தோதுப்படாது. நல்ல ஃபைபர் இணைப்பு இருந்து, கேரியர் மோட் வேண்டாம், நேருக்கு நேர் ஆட்டம் போதும் என்றால் காசு கொடுத்து வேறு எதையும் வாங்கும் முன் இதை ஒரு மாதம் ஆடிப் பாருங்கள்.

நண்பரின் கடையில் நாங்கள் எடுத்த முடிவு: ஒரு பிஎஸ்5-இல் மட்டும் அந்த வருஷப் புதுப் பதிப்பு, சட்டையும் ஆட்களும் சரியாக வேண்டும் என்று கேட்டு வருபவர்களுக்காக. மற்றவற்றில் பழையதே ஓடுகிறது. வாடகை வித்தியாசம் வைக்கவில்லை. பழைய டிஸ்க் வாங்குவோர் ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: அட்டையில் பிஎஸ்4 என்று இருக்கிறதா, பிஎஸ்5 என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பிஎஸ்4 டிஸ்க் பிஎஸ்5-இல் ஓடும், ஆனால் ஓடுவது பிஎஸ்4 பதிப்பாகவே இருக்கலாம். பிஎஸ்5 டிஸ்க் பிஎஸ்4-இல் ஓடவே ஓடாது. உள்ளே ரிடீம் செய்யும் கோட் அச்சிட்ட சீட்டு இருந்தால் அது முதலில் வாங்கியவர் பயன்படுத்தி முடித்ததாக இருக்கும், அதற்காக ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள்.